ஊர்ல டர்ஃப் போடலாமா? 22 லட்சம் போடுவதற்கு முன்னால் 380 பேரை எண்ணுங்கள்



போன வருஷம் மே மாசம் என் காலேஜ் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். ஆரணி – செய்யாறு பக்கம் ஒரு சின்ன டவுன் அவனோட ஊர். வேலை சென்னையில். மாசத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போய் வருவான்.

"மச்சான், எங்க ஊர்ல பசங்க விளையாட இடமே இல்லடா. ஸ்கூல் கிரவுண்டைப் பூட்டிட்டாங்க. பஸ் ஸ்டாண்டு பின்னாடி இருந்த காலி இடமெல்லாம் பிளாட் போட்டாச்சு. அதான் நாங்க மூணு பேர் சேர்ந்து கிரிக்கெட் டர்ஃப் போடப்போறோம். கையில 10 லட்சம் இருக்கு. மிச்சம் 12 லட்சத்துக்குப் பர்சனல் லோன் சேங்ஷன் ஆயிடுச்சு. என்ன சொல்ற?"

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இல்ல, திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை போடாதே. கொட்டேஷனை அனுப்பு, ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம்"னு சொன்னேன். அன்னிக்கு நாங்க போட்ட கணக்கைத்தான் இந்தப் பதிவுல படிப்படியா எழுதியிருக்கேன். இதில் வரும் விலைகள் அவனுக்கு அந்த ஊரில் வந்த கொட்டேஷன் விலைகள். உங்க ஊரில் கூடும், குறையும். ஆனா கணக்குப் போடுற முறை மாறாது.

22 லட்சம் எங்கே போகுது?

அவங்க பார்த்திருந்தது 20 சென்ட் இடம். அதில் 100 அடிக்கு 60 அடி, அதாவது 6,000 சதுர அடியில் டர்ஃப். மிச்ச இடம் பைக் நிறுத்த, சின்ன ஆபீஸ், டாய்லெட். செலவு இப்படி வந்தது:

- தரையைச் சமன் செய்து, ஜல்லி போட்டு ரோலர் ஓட்டி இறுக்குவதற்கு: 3.6 லட்சம்
- செயற்கைப் புல், ஒட்டும் வேலை, மேலே தூவும் மணலோடு: 5.4 லட்சம்
- 30 அடி உயர இரும்புக் கம்பங்கள், ஃபவுண்டேஷன்: 5 லட்சம்
- நாலு பக்கமும் மேலேயும் வலை: 1.6 லட்சம்
- 12 எல்இடி ஃபிளட் லைட், வயரிங்: 1.4 லட்சம்
- ஆபீஸ், டாய்லெட், போர், இபி கனெக்ஷன், கேமரா: 3 லட்சம்

மொத்தம் 20 லட்சம். இடத்துக்காரருக்கு அட்வான்ஸ் 2 லட்சம். ஆக 22 லட்சம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. நாளைக்கு தொழில் சரியா போகலன்னா திரும்ப வரக்கூடியது எது? அட்வான்ஸ் வரும். கம்பங்களை அறுத்து இரும்பு விலைக்கு விற்கலாம். லைட்டைக் கழட்டலாம். ஆனா தரைக்குப் போட்ட பணம் இடத்துக்காரரோட மண்ணுக்குள்ள போயிடுச்சு. புல்லை உரிச்சு எடுத்தா பாதி விலைகூடப் போகாது. டர்ஃப்ல போடுற பணம் பெரும்பாலும் ஒருவழிப் பணம். அதனால எத்தனை வருஷத்தில் திரும்ப வரும்னு முன்னாடியே தெரிஞ்சாகணும்.

ஒரு நாளைக்கு விற்கிற நேரம் எவ்வளவு?

டர்ஃப் போட்டுத் தர்ற கான்ட்ராக்டர் ஒரு கணக்கு சொல்லியிருந்தார். காலை 6 முதல் இரவு 10 வரை 16 மணி நேரம், ஒரு மணிக்கு 800 ரூபாய், 30 நாள். மாசம் 3.84 லட்சம்! "ஆறே மாசத்துல போட்ட பணம் வந்துடும் சார்"னு சொல்லியிருக்கார்.

இந்தக் கணக்கில் தப்பு எங்கேன்னு தெரிய, ஒரு புதன்கிழமை மதியம் 2 மணியை யோசிச்சுப் பாருங்க. வேலூர், திருவண்ணாமலை பக்கத்து வெயில்ல செயற்கைப் புல் சாதாரணப் புல்லைவிட ரொம்பவே சூடாகும். வெறுங்கால் வைக்க முடியாது. வேலைக்குப் போறவங்க வேலையில் இருப்பாங்க, படிக்கிற பசங்க கிளாஸ்ல இருப்பாங்க. அந்த ஸ்லாட்டை 200 ரூபாய்க்குக் குடுத்தாலும் வாங்க ஆள் இல்லை.

நிஜமா விற்கிற நேரம் இவ்வளவுதான்: வார நாட்களில் மாலை 6 முதல் 10 வரை 4 மணி நேரம். சனி, ஞாயிறில் காலை 6 முதல் 9 வரை, மாலை 4 முதல் 10 வரை, மொத்தம் 9 மணி நேரம். மாசத்துக்கு 22 வார நாளும் 8 வார இறுதி நாளும் வெச்சுக்கிட்டா 88 + 72 = 160 மணி நேரம்.

"நைட் 12 வரைக்கும் ஓட்டுவோம்டா"ன்னு நண்பன் சொன்னான். சத்தம் கட்டுப்பாட்டு விதிகள் 2000-த்தின்படி இரவு 10 முதல் காலை 6 வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதியில் அப்போ வரம்பு 45 டெசிபல். பகலிலேயே 55தான். விக்கெட் விழுந்தா பசங்க போடுற கூச்சல் எங்கே, 45 டெசிபல் எங்கே? பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் குடுத்தா முதல்ல போறது அந்த ராத்திரி ஸ்லாட்தான். அதனால 10 மணிக்கு மேல வர்ற வருமானத்தை கணக்கில் சேர்க்கவே கூடாது.

160 மணி நேரமும் நிரம்பாது. நல்லா ஓடுற மாசத்தில் 70 சதவீதம்னு வைப்போம். 112 மணி நேரம், 800 ரூபாய் வீதம் 89,600. மத்த நேரங்களில் கோச்சிங், பள்ளிப் பசங்கன்னு ஒரு 30 மணி நேரம், 500 ரூபாய் வீதம் 15,000. மொத்தம் 1,04,600 ரூபாய். கான்ட்ராக்டர் சொன்னதில் கால் பங்கைக் கொஞ்சம் தாண்டுது, அவ்வளவுதான்.

இன்னும் மழை இருக்கு. நம்ம பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மாலையில் மழை வந்தா அன்னிக்கு நாலு ஸ்லாட்டும் காலி. அந்த 3 மாசத்துக்குப் பாதி வருமானம்னு எடுத்தா, வருஷ சராசரி மாசத்துக்கு 91,500 ரூபாய் வருது.

கையில் நிக்கிறது எவ்வளவு?

மாசச் செலவு: இட வாடகை 20,000. பார்த்துக்கிற ஆளுக்குச் சம்பளம் 15,000. கரன்ட் 4,500. பந்து, பேட், வலையில் ஓட்டை தைக்கிறது, புல்லை பிரஷ் போட்டு நிமிர்த்துறது 5,000. இன்டர்நெட், தண்ணீர், சில்லறைச் செலவு 2,500. மொத்தம் 47,000. மிச்சம் 44,500.

இங்கேதான் நிறைய பேர் நிறுத்திடுவாங்க. "44,500 லாபம், மூணு பேருக்கு ஆளுக்குப் பதினஞ்சாயிரம்"னு. ஆனா அந்தப் புல் தேயும். தினமும் ஷூ காலோடு ஆடுற இடத்தில், குறிப்பா பேட்ஸ்மேன் நிக்கிற இடத்திலும் பவுலர் கால் வைக்கிற இடத்திலும், முதல்ல நார் உதிர்ந்து அடித்துணி தெரிய ஆரம்பிக்கும். வலை வெயிலில் நைஞ்சு போகும். புல்லும் வலையும் சேர்ந்து 7 லட்சம். 6 வருஷம் உழைக்கும்னு வெச்சா மாசம் 9,700 ரூபாயை அதுக்காகத் தனியா ஒதுக்கணும். ஆக நிஜமான மிச்சம் 34,800.

இப்போ லோனைச் சேர்ப்போம். 12 லட்சம், 14 சதவீத வட்டி, 5 வருஷம். இஎம்ஐ சுமார் 27,900 ரூபாய். கழிச்சா மிச்சம் 6,900. மூணு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 2,300 ரூபாய்!

இதுவும் எல்லாம் நல்லபடியா நடந்தால்தான். டவுன்ல ரெண்டாவதா ஒருத்தர் டர்ஃப் திறக்கிறார்னு வைங்க. விலை 800-லிருந்து 600 ஆகும். நிரம்புறது 70-லிருந்து 50 சதவீதம் ஆகும். மத்த நேர ஸ்லாட்டும் 400-க்கு இறங்கும். அப்போ மழை மாசமும் சேர்த்து சராசரி வருமானம் 52,500. செலவு அதே 47,000. மிச்சம் 5,500. இஎம்ஐ 27,900. மீதி 22,400-ஐ மாசாமாசம் சம்பளத்திலிருந்து கட்டணும்.

போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான், "அப்போ இந்தத் தொழிலே வேஸ்ட்டா?"

இல்லை. சொந்தக் காசில், லோன் இல்லாம, 70 சதவீதம் நிரம்பினா, புல்லுக்கு ஒதுக்கினது போக வருஷம் 4 லட்சத்துக்கு மேல நிக்கும். அஞ்சு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆனா போட்டது திரும்பிடும். தொழில் மோசமில்லை. ஆனா எல்லாமே அந்த 70 சதவீதத்தில்தான் தொங்குது. அது அந்த ஊரில் சாத்தியமான்னு யாருமே பார்க்கலை.

380 பேர் இருக்காங்களா?

70 சதவீதம்ங்கிறதை ஆள் கணக்கா மாத்திப் பாருங்க. வாரத்துக்கு விற்கிற நேரம் 38 மணி. அதில் 70 சதவீதம் கிட்டத்தட்ட 27 மணி. ஒரு மணி நேரம் ஆட ரெண்டு பக்கமும் சேர்த்து 14 பேர். 27 × 14 = 378.

அதாவது வாரம் ஒரு தடவை, ஆளுக்கு 57 ரூபாய் குடுத்து, தவறாம ஆட வர்ற 380 பேர் அந்த ஊரில் வேணும். திறந்த முதல் மாசம் வர்றவங்களை இதில் சேர்க்காதீங்க. புதுசுன்னா எல்லாரும் வருவாங்க, ரீல்ஸ் எடுப்பாங்க. ஏழாவது மாசமும் வர்ற 380 பேர்.

கேட்டா எல்லாரும் "வருவோம் ப்ரோ"ன்னுதான் சொல்வாங்க. காசு கட்டச் சொன்னாத்தான் உண்மை தெரியும். அதுக்கு 22 லட்சம் தேவையில்லை. ஒரு லீக் நடத்தினா போதும்.

இடம் இல்லாத ஊரில் லீக் நடத்துவது எப்படி?

அந்தப் பக்கம் அரிசி மில் நிறைய. மூடிக்கிடந்த ஒரு மில்லில் நெல் காயப்போடுற சிமென்ட் களம் சும்மா இருந்தது. மில்காரரிடம் பேசி ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மட்டும் 1,500 ரூபாய் வாடகைக்கு எடுத்தாங்க. உங்க ஊரில் மில் இல்லைன்னா கல்யாண மண்டபத்து பார்க்கிங், வாரச்சந்தை மைதானம், தனியார் காலேஜ் கிரவுண்ட்னு தேடலாம்.

ஆட்டத்தை நேரத்துக்குள்ள அடக்குறதுதான் முக்கியம். ஆளுக்கு 8 பேர், 6 ஓவர் ஆட்டம். ஒரு ஓவருக்கு 4 நிமிஷம்னா 12 ஓவருக்கு 48 நிமிஷம். நடுவில் மாறுறதுக்கு 10 நிமிஷம். ஒரு மேட்ச் ஒரு மணி நேரத்தில் முடியும். நாளைக்கு டர்ஃப்ல விற்கப்போற ஸ்லாட்டும் அதே ஒரு மணி நேரம்தான்.

8 டீமை ரெண்டு குரூப்பாப் பிரிச்சா குரூப்புக்கு 6 மேட்ச், மொத்தம் 12. ரெண்டு செமி ஃபைனல், ஒரு ஃபைனல். ஆக 15 மேட்ச். ஞாயிறு காலை 6 முதல் 10 வரை 4 மேட்ச் வீதம் நாலே ஞாயிறில் முடிஞ்சிடும். நாக் அவுட் வைக்காதீங்க. நாக் அவுட்ல பாதி டீம் முதல் நாளே வீட்டுக்குப் போயிடும். நமக்கு வேண்டியது திரும்பத் திரும்ப வர்றாங்களா இல்லையான்னு பார்க்கிறது. குரூப் முறையில் ஒவ்வொரு டீமும் குறைஞ்சது மூணு மேட்ச் ஆடும்.

டீமுக்கு என்ட்ரி 3,000 ரூபாய். 8 டீமுக்கு 24,000. செலவு: நாலு ஞாயிறு வாடகை 6,000, ரெண்டு அம்பயர் 4,000, ஹெவி டென்னிஸ் பந்து 20-க்கு 2,400, ஸ்டம்ப், சுண்ணாம்பு, கயிறு 1,500, தண்ணீர், முதலுதவிப் பெட்டி 2,000, கப், பரிசு 5,000. மொத்தம் 20,900. மிச்சம் 3,100. லாபம் எதிர்பார்த்து இதைச் செய்யலை, இது ஒரு பரிசோதனை. ஆனா சர்வே எடுக்கக் காசு குடுக்கிற உலகத்தில், இங்கே சர்வே எடுத்ததுக்கு நமக்கே 3,100 மிச்சம்!

நோட்டுப் புத்தகத்தில் மூணு விஷயத்தை மட்டும் எழுதச் சொன்னேன். ஒண்ணு, எத்தனை டீம் முன்பணத்தை எந்தத் தேதியில் கட்டினாங்க? எத்தனை பேரை துரத்த வேண்டியிருந்தது? ரெண்டு, எத்தனை மேட்ச் ஆள் வராம வாக் ஓவர் ஆச்சு? மூணு, ரெண்டாவது சீசன் அறிவிச்சா அதே டீம்கள் திரும்பக் காசு கட்டுறாங்களா?

லீக் சொன்ன உண்மை

முதல் சீசனுக்கு மூணே நாளில் 8 டீம் நிரம்பிடுச்சு. கூட ரெண்டு டீம் காத்திருப்புல. நண்பனுக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தியா, நான் சொன்னேன்ல!"

அப்புறம்தான் அடுத்த கேள்வியைக் கேட்கச் சொன்னேன். எட்டு கேப்டன்கிட்டயும் போய், "டர்ஃப் வந்தா செவ்வாய் அல்லது புதன் மாலை உங்க டீமுக்கு நிரந்தரமா ஒரு ஸ்லாட். நாலு வாரத்துக்கு முன்பணம் 3,200. இப்ப கட்டினா புக்கிங். டர்ஃப் வரலைன்னா முழுசாத் திருப்பித் தர்றோம்."

எட்டில் ரெண்டு பேர்தான் கட்டினாங்க.

காரணத்தை விசாரிச்சப்போ விஷயம் புரிஞ்சது. அந்த ஊர் பசங்களில் பெரும்பாலோர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் வேலை. சிலர் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய் வர்றாங்க, வீடு திரும்பவே 8, 9 ஆகும். ஷிப்டு வாராவாரம் மாறும். பலர் அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வர்றாங்க. ஆட ஆசை இருக்கு, 57 ரூபாயும் இருக்கு. வார நாளில் ஆள் ஊரில் இல்லை. அவ்வளவுதான்.

மாசத்துக்கு விற்கிற 160 மணி நேரத்தில் 88 மணி வார நாள் மாலை. அதில் கால்வாசி நிரம்பினா 22 மணி. வார இறுதி 72 மணியில் 90 சதவீதமே நிரம்பினாலும் 65. மொத்தம் 87 மணி. நமக்குத் தேவைப்பட்டது 112. அந்த 25 மணி நேரக் குறைச்சல் மாசம் 20,000 ரூபாய். மிச்சம் நின்ன 6,900 போய், கையிலிருந்து 10,000-க்கு மேல போடுற நிலைமை. லோனை வேண்டாம்னு வங்கிக்குச் சொல்லிட்டான்.

இதே லீக்கை ஒரு பெரிய காலேஜும் மாவட்ட ஆபீஸ்களும் இருக்கிற டவுன்ல நடத்தியிருந்தா பதில் வேற மாதிரி வந்திருக்கும். எட்டில் ஆறு பேர் கட்டியிருந்தா, "போடுடா"ன்னு நானே சொல்லியிருப்பேன்.

ஊரில் இருக்கிறவங்க யார்? அவங்களுக்கு என்ன?

சரி, வார நாளில் ஊரில் இருக்கிறவங்க யார்? கடைக்காரங்க, மில்காரங்க, டீச்சர்கள், டாக்டர்கள், பேங்க் ஊழியர்கள், பள்ளிப் பசங்க. இவங்க 14 பேரைச் சேர்த்துக்கிட்டு கிரிக்கெட் ஆட வரமாட்டாங்க. ஆனா நாலு பேர் சேர்ந்தா ஷட்டில் ஆடுவாங்க. அதுவும் காலை 5.30-க்கே.

அதே மில்லில் ஒரு பழைய நெல் குடோன் பூட்டிக்கிடந்தது. அதில் ரெண்டு பேட்மின்டன் கோர்ட் போட்டால்? ஒரு கோர்ட் 44 அடிக்கு 20 அடி. சுத்தி ஓட, உட்கார இடம் விட்டா ரெண்டுக்கும் சேர்த்து 60 × 55 அடி வேணும். குடோன் அதைவிடப் பெரிசு.

குடோன் பார்க்கப் போறவங்க முதல்ல அளக்க வேண்டியது உயரம். பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு 12 மீட்டர், சுமார் 39 அடி கேட்பாங்க. மாதச் சந்தா ஆட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனா 20 அடிக்குக் கீழேன்னா வேண்டவே வேண்டாம். தூக்கி அடிக்கிற ஒவ்வொரு ஷாட்டும் மேலே இடிக்கும். ஆடத் தெரிஞ்சவங்க ஒரு வாரத்தில் நின்னுடுவாங்க, அவங்களைப் பார்த்து மத்தவங்களும் நின்னுடுவாங்க. இதில் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. மேலே ஷீட் வரைக்கும் 30 அடின்னு மில்காரர் சொன்னார். ஆனா நடுவில் ட்ரஸ் இருக்கே, அதன் கீழ்க் கம்பி 24 அடியில் ஓடுது. ஷட்டிலுக்கு உயரம் 24 அடிதான். அளவு டேப்பை நம்புறதைவிட, நல்லா ஆடுற ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போய் அரை மணி நேரம் தூக்கித் தூக்கி அடிக்கச் சொல்லுங்க. எத்தனை தடவை கம்பியில் படுதுன்னு எண்ணுங்க. அதுதான் சரியான அளவு.

அடுத்தது காத்து. ஷட்டிலோட எடை 5 கிராம் அளவுதான். ஜன்னல் வழியா லேசாக் காத்து வந்தாலே திசை மாறும். அதனால பக்கவாட்டு ஜன்னலை மூடி, உச்சியில் மட்டும் காத்துப் போக வழி வைக்கணும். சுவருக்கு வெள்ளை அடிச்சா வெள்ளை ஷட்டில் கண்ணுக்குத் தெரியாது. கரும்பச்சை, நீலம் அடிக்கணும். லைட்டைக் கோர்ட்டுக்கு நேர் மேலே மாட்டாம பக்கவாட்டில் மாட்டணும். மேலே பார்த்து அடிக்கிறவன் கண்ணு கூசக்கூடாது. சிமென்ட் தரையில் நேரா மேட் விரிச்சா செலவு குறையும், ஆனா நாற்பது வயசுக்காரங்களுக்கு முழங்கால் வலி வரும். சந்தா கட்டப்போறதே அவங்கதான். கீழே மரத்தளம் போட்டு மேலே மேட் விரிக்கிறதுதான் சரி.

செலவு: ரெண்டு கோர்ட்டுக்கு மரத்தளமும் மேட்டும் 5.5 லட்சம், லைட் 1 லட்சம், பெயின்ட், டாய்லெட், கூரை வெப்பம் தடுக்கிற ஷீட் 2.5 லட்சம். மொத்தம் 9 லட்சம். கையில் இருக்கிற 10 லட்சத்துக்குள்ள அடங்குது, லோன் வேண்டாம்.

வருமானம் மாதச் சந்தா, ஆளுக்கு 1,200 ரூபாய், ஷட்டில் அவங்களே கொண்டு வரணும். 60 பேர் சேர்ந்தா 72,000. வாடகை, ஆள், கரன்ட், பராமரிப்பு 44,000. மேட் மாத்த மாசம் 4,000 ஒதுக்கணும். மிச்சம் 24,000. மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல போட்ட பணம் திரும்பும். 40 பேர்னா 48,000, கையில் ஒண்ணும் நிக்காது, கையிலிருந்தும் போகாது. மழை மாசத்திலும் சந்தா வரும். டர்ஃபுக்கு 380 பேர் தேவைப்பட்ட இடத்தில் இதுக்கு 60 பேர் போதும்.

வேலையில் இருந்துக்கிட்டே நடத்துறவங்களுக்கு ரெண்டு பாதுகாப்பு

டர்ஃபோ குடோனோ, முதல் பாதுகாப்பு லீஸ். மில்காரர் வழக்கமான 11 மாச அக்ரிமென்ட் போதும்னார். திரும்ப வர மூணு வருஷத்துக்கு மேல ஆகிற பணத்தை 11 மாச பேப்பரை நம்பிப் போட முடியாது. நல்லா ஓட ஆரம்பிச்சதும் வாடகையை ரெட்டிப்பாக்குவார், இல்லைன்னா "என் மச்சானே நடத்திக்கட்டும்"பார். குறைஞ்சது 5 வருஷம், டர்ஃப்னா 7 வருஷம் கேளுங்க. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸைக் கட்டாயம் பதிவு பண்ணணும். அதில் வருஷ வாடகை உயர்வு எத்தனை சதவீதம், நடுவில் காலி பண்ணச் சொன்னா எவ்வளவு இழப்பீடு, போகும்போது எதையெல்லாம் கழட்டிட்டுப் போகலாம்னு எழுதியிருக்கணும். மூணையும் எழுத மறுக்கிற இடத்துக்காரரோட இடம் எவ்வளவு நல்லா இருந்தாலும் வேண்டாம்.

ரெண்டாவது, கணக்கு. நீங்க சென்னையில், கல்லாப்பெட்டி ஊரில். பார்த்துக்கிற ஆள் புக்கிங்கில் எழுதாம ஒரு மணி நேரம் ஆட விட்டு, கையில் காசு வாங்கினா எப்படித் தெரியும்? லைட்டுக்கு மட்டும் தனியா ஒரு சப் மீட்டர் போடுங்க. நம்ம டர்ஃப் கணக்கில் 200 வாட் லைட் 12, அதாவது மணிக்கு 2.4 யூனிட். லைட் போட்டு ஆடினது 90 மணி நேரம்னு நோட்டில் இருந்தா மீட்டர் 216 யூனிட் காட்டணும். 260 காட்டினா? 44 யூனிட் அதிகம், 18 மணி நேரம். 800 ரூபாய் வீதம் 14,400 ரூபாய் எங்கேயோ போயிருக்கு. அஞ்சு பத்து யூனிட் வித்தியாசத்துக்கு சண்டை போடாதீங்க, சுத்தம் பண்ணும்போது லைட் எரிஞ்சிருக்கும். மாசாமாசம் ஒரே பக்கமா வித்தியாசம் வந்தா உட்கார்ந்து பேசுங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி உங்க ஆஃபர் லெட்டரை ஒரு தடவை எடுத்துப் படிங்க. வேற தொழில் பண்ணக்கூடாதுன்னு இருந்தா எழுத்தில் அனுமதி வாங்கிட்டு இறங்குங்க.

இப்போ என்ன நிலைமை?

நண்பன் லோன் எடுக்கலை. லீக் ரெண்டாவது சீசனும் நடந்தது, அதே களத்தில். 7 டீம் திரும்ப வந்தாங்க, ஒரு புது டீம் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வர்ற பசங்களுக்கு அது போதுமா இருக்கு. குடோனுக்கு 500 ரூபாய் முன்பணம் வாங்கி சந்தாதாரர்களைச் சேர்த்துக்கிட்டிருக்காங்க. போன வாரம் வரை 37 பேர். 60 வந்தா லீஸ் பதிவு பண்றது, 45-க்கு மேல ஏறவே இல்லைன்னா எல்லாருக்கும் 500-ஐத் திருப்பிக் குடுத்துட்டு விட்டுடறதுன்னு மூணு பேரும் எழுதி வெச்சிருக்காங்க.

"60 வராட்டி வருத்தமா இருக்கும்டா"ன்னு சொன்னான்.

"வருத்தம் இருக்கும், இஎம்ஐ இருக்காது"ன்னேன்.

உங்க ஊருக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்க. முதல்ல ஒரு பேப்பரில் வார நாள் மாலை 7 மணிக்கு ஊரில் இருக்கிற, ஆடக்கூடிய ஆட்களின் பெயரை எழுத ஆரம்பிங்க. எந்த எண்ணிக்கையில் பேனா நிக்குதோ, அங்கிருந்து தொடங்கலாம். அடுத்த பதிவில் சந்திப்போம்!